பதினொன்றாம் இடத்தின் கணக்கு

கூகுள் தேடலில் முதற் பக்கம் பெரும்பாலும் பத்து இணைப்புகளோடு முடிந்துவிடுகிறது. தேடுவோரில் மிகச் சிலரே அடுத்த பக்கத்தைத் திறக்கிறார்கள். ஆகவே பதினொன்று முதல் இருபது வரையுள்ள இடங்களில் நிற்கும் கட்டுரை, தகுதியிருந்தும் வாசகர் கண்ணில் படாமல் கிடக்கிறது. அத்தகைய கட்டுரைகளைக் கண்டெடுக்கக் கூகுள் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியின் செயல்திறன் அறிக்கை உதவும். அதைப் படிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. அதை அறியாதவர், திருத்த வேண்டாத கட்டுரையைத் திருத்தி, திருத்த வேண்டியதைக் கைவிட்டுவிடுவார்.

அறிக்கை நான்கு அளவுகளைத் தருகிறது. முடிவுகளில் நம் இணைப்பு எத்தனை முறை தோன்றியது என்பது காட்சி. எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பது சொடுக்கு. காட்சிகளுள் எத்தனை விழுக்காடு சொடுக்காயின என்பது சொடுக்கு வீதம். நான்காவது சராசரி இடம். தவறான முடிவுகள் பெரும்பாலும் இந்த நான்காவதிலிருந்தே பிறக்கின்றன.

நம் இணைப்பு இருக்கும் முடிவுப் பக்கம் தேடுபவரின் திரையில் திறக்கப்பட்டால்தான் காட்சி பதிவாகும். நாம் பதின்மூன்றாம் இடத்தில் இருக்கையில் ஆயிரம் பேர் தேடி, அவர்களுள் பத்துப் பேரே இரண்டாம் பக்கத்துக்குச் சென்றால், அறிக்கையில் பத்துக் காட்சிகளே ஏறும். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் கணக்கிலேயே இல்லை. சராசரி இடமும் பதிவான காட்சிகளை மட்டும் கொண்டே கணிக்கப்படுகிறது. எனவே இரண்டாம் பக்கத்துக் கட்டுரையின் காட்சி எண்ணிக்கை, அப்பொருளுக்கு உள்ள உண்மையான தேவையைக் குறைத்தே காட்டும். அதைக் கீழெல்லையாகவே கொள்ள வேண்டும்.

இதே அளவீட்டு முறை எதிர்த்திசையிலும் ஏமாற்றியதுண்டு. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் கேட்டுப் பெறும் வசதியைக் கூகுள் 2025 செப்டம்பரில் நிறுத்தியது. அதுவரை இடங்களைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் அவ்வழியே பக்கங்களைத் திறந்ததால், எழுபதாம் இடத்திலிருந்த இணைப்புக்கும் காட்சி சேர்ந்துகொண்டிருந்தது. வசதி நின்றதும் பல தளங்களில் காட்சிகள் சரிந்தன, சராசரி இடமோ உயர்ந்ததுபோல் தோன்றியது. அக்காலத்தைக் கடந்து ஒப்பிடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேளாண்மை பற்றிய ஒரு தமிழ்த் தளம் இருப்பதாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கடந்த மூன்று மாதங்களைத் தேர்ந்து, நாட்டை இந்தியா என வரையறுத்து, பக்கங்களின் பட்டியலில் இடம் பத்துக்கு மேற்பட்டவற்றை மட்டும் வடிகட்டி வரிசைப்படுத்துகிறோம். நாட்டை வரையறுக்காவிட்டால் இந்தியாவில் ஆறாம் இடமும் வேறொரு நாட்டில் முப்பதாம் இடமும் கலந்து பொருளற்ற ஓர் எண் வந்து நிற்கும். இப்போது மூன்று கட்டுரைகள் மேலே வருகின்றன. கறிவேப்பிலைச் செடி வளர்ப்புக்கு 6,800 காட்சிகள், சராசரி இடம் 14.0. மண்புழு உர மானியத்துக்கு 3,100 காட்சிகள், இடம் 11.2. தென்னை வெள்ளை ஈக்கு 2,400 காட்சிகள், 19 சொடுக்குகள், இடம் 12.2.

காட்சியை மட்டும் பார்ப்பவர் கறிவேப்பிலையை எடுப்பார். இடத்தை மட்டும் பார்ப்பவர் மானியத்தை எடுப்பார். இரண்டும் தவறு என்பது, ஒவ்வொரு பக்கத்தையும் அழுத்தி அதன் தேடுசொற்களைத் திறந்தால் விளங்கும்.

கறிவேப்பிலைக் கட்டுரைக்கு இரண்டு தேடுசொற்கள் வந்துள்ளன. "கறிவேப்பிலை" என்ற தனிச்சொல்லில் 5,100 காட்சிகள், பதினேழாம் இடம். "கறிவேப்பிலை செடி வளர்ப்பு" என்பதில் 1,700 காட்சிகள், ஐந்தாம் இடம். இவ்விரண்டின் நிறையிட்ட சராசரிதான் 14. உண்மையில் அக்கட்டுரையைப் பதினான்காம் இடத்தில் எவரும் கண்டதில்லை. தனக்குரிய கேள்விக்கு அது ஏற்கெனவே முதற் பக்கத்தில் இருக்கிறது. தனிச்சொல்லைத் தேடுபவர் தலைமுடி எண்ணெயையோ பொடி அரைக்கும் முறையையோ நாடியிருக்கலாம். அவர்களை ஈர்க்க முனைந்து கட்டுரையின் மையத்தை மாற்றினால், கையிலுள்ள ஐந்தாம் இடமும் நழுவக்கூடும். இதைத் தொடாமல் விடுவதே அறிவு.

மானியக் கட்டுரையின் தேடுசொல்லைத் தனிச்சாளரத்தில் நாமே தேடிப் பார்க்கிறோம். முதற் பக்கத்தில் அரசுத் துறைத் தளங்களே அடர்ந்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் இடத்தைத் தேடி வருபவருக்கு அவையே சரியான விடை. எழுத்தைச் செப்பனிடுவதால் மட்டும் இங்கே இடம் உயராது. இதைப் பட்டியலின் அடியில் வைக்கலாம்.

தென்னைக் கட்டுரையோ வேறுவகை. "தென்னை வெள்ளை ஈ கட்டுப்படுத்துவது எப்படி" என்பதில் 1,600 காட்சிகள், இடம் 11.8. "தென்னை ஓலை கருப்பாக மாறுவது ஏன்" என்பதில் 800 காட்சிகள், இடம் 13.0. இரண்டு கேள்விகளும் ஒரே உழவரின் கேள்விகள். இரண்டும் முதற் பக்கத்தின் வாயிலில் நிற்கின்றன. எதிரே உள்ள முடிவுகளும் நம்முடையதைப் போன்ற விளக்கக் கட்டுரைகளே. முதலில் திருத்த வேண்டியது இதுதான்.

பயனை முன்கூட்டியே மதிப்பிடவும் முடியும். பிறர் வெளியிடும் சொடுக்கு வீத அட்டவணைகளை நான் ஏற்பதில்லை. பொருளுக்குப் பொருள், மொழிக்கு மொழி அவை மாறும். நம் தளத்திலேயே ஆறு முதல் எட்டாம் இடம் வரை நிற்கும் ஒத்த கட்டுரைகளின் வீதத்தை எடுப்போம். அது 4 விழுக்காடு என்றால், 2,400 காட்சிகளுக்கு 96 சொடுக்குகள். இப்போதைய 19-ஐக் கழித்தால் 77 மிகுதி. முதற் பக்கத்தை அடைந்தபின் காட்சிகளே பெருகும் என்பதால், இது குறைந்த அளவு மதிப்பீடுதான்.

என்ன திருத்துவது என்பதையும் அறிக்கையே சொல்கிறது. மூன்றில் ஒரு பங்குக் காட்சி ஓலை கருப்பதைப் பற்றியது. கட்டுரையிலோ அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. வெள்ளை ஈ சுரக்கும் இனிப்பு நீர்மம் கீழ் ஓலைகளில் படிந்து அதன்மேல் கரும்பூசணம் வளர்வதையும், லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துத் தெளித்தால் அது காய்ந்து பூசணத்தோடு உதிர்வதையும், பூச்சிக்கொல்லி அடித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் மடிவதையும் தனித் தலைப்பிட்டு எழுத வேண்டும். அடுத்து, பக்க வடிகட்டியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு தேடுசொல்லையும் அழுத்திப் பக்கங்களின் பட்டியலுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். நம்முடைய இரு கட்டுரைகள் அங்கே மாறிமாறித் தோன்றினால் இரண்டையும் ஒன்றாக்கி, பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும்.

அறிக்கைக்கு எல்லைகளும் உண்டு. மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்கள் தனியுரிமை கருதி மறைக்கப்படுவதால், மேலே போட்ட எளிய கணக்கைப் போலன்றி, தேடுசொற்களின் கூட்டுத்தொகை பக்கத்தின் மொத்தத்தைவிடப் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். பட்டியல் ஆயிரம் வரிகளோடு நின்றுவிடும். பதினாறு மாதத்துக்கு முந்தைய தரவு கிடைக்காது. பயிர்ச் சிக்கல்களுக்குப் பருவம் உண்டாகையால், திருத்தத்தின் பயனைச் சென்ற மாதத்தோடு மட்டும் ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே வாரங்களோடும் ஒப்பிட வேண்டும்.

திருத்தும்போது கட்டுரையின் முகவரியை மாற்றாதீர்கள். உள்ளடக்கத்தை மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிக்காதீர்கள். திருத்திய நாளைக் குறித்து வைத்து, நான்கு வாரங்களேனும் பொறுத்து, அதே இரு தேடுசொற்களை அதே நாட்டு வரையறையோடு மீண்டும் திறந்து பாருங்கள். அதற்குள் இன்னொரு கட்டுரையை எடுக்கலாம். இதே கட்டுரையை மறுபடி மாற்றினால், எந்த மாற்றம் பயன் தந்தது என்று அறிய வழியிராது.