‘வேலை’ என்றால் இதுதான் பொருள் என்று ஒரு கட்டுரையாளர் சொல்லலாமா?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் வீட்டுப் பெண்மணி விடிகாலையில் எழுந்து சமைத்து, துவைத்து, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனித்து, இரவு பத்து மணிக்குத்தான் உட்காருகிறார். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் இதையெல்லாம் செய்கிறார். கூடவே ஒரு மாடு வளர்க்கிறார். பாலை விற்பதில்லை, வீட்டுக் காபிக்கும் தயிருக்கும்தான் சரியாக இருக்கிறது.

கணக்கெடுப்பின் விதிப்படி மாடு வைத்திருப்பவர் ‘வேலை செய்பவர்’. முதல் வீட்டுப் பெண்மணி ‘வேலை செய்யாதவர்’.

கேட்டவுடன் கோபம் வருகிறது. ஆனால், கணக்கெடுப்பாளர் யாரையும் இழிவுபடுத்துவதற்காக அப்படிக் குறிக்கவில்லை. அவர் கையில் இருந்த விதிமுறையில் ‘வேலை’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. பொருளாதார ரீதியாக உற்பத்தி தரும் செயலில் ஈடுபடுவதுதான் வேலை. கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சரி. சொந்த உபயோகத்துக்கான விவசாயமும் பால் உற்பத்தியும் அதில் அடங்கும். சமையலும் பராமரிப்பும் அடங்காது. ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் செய்தால் ‘முதன்மைத் தொழிலாளர்’, அதற்குக் குறைந்தால் ‘குறுகிய காலத் தொழிலாளர்’. லட்சக்கணக்கான கணக்கெடுப்பாளர்கள் நாடு முழுக்க ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்றால், இப்படி எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

அகராதி இந்தக் கோட்டைப் போடாது. அகராதி ஆசிரியரின் பணி சாட்சி சொல்வது. மக்கள் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அதைக் கேட்டு, படித்து, பதிவு செய்கிறார். ‘நாற்றம்’ என்ற சொல் பழைய இலக்கியத்தில் நறுமணத்துக்கும் வந்தது. இன்று மூக்கைப் பொத்த வைக்கும் வாடைக்கு மட்டுமே வருகிறது. 1992-ல் முதல் பதிப்பு கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ போன்ற ஒன்று, இன்றைய எழுத்திலும் பேச்சிலும் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதைத்தான் சொல்ல முயல்கிறது. சாட்சி பொய்யாகலாம் என்பதால் அகராதி வரையறையும் தவறாகலாம். இன்றைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்று எழுதினால், அது பிழை.

ஒரு கட்டுரைக்காக, ஒரு சட்டத்துக்காக, ஒரு கணக்கெடுப்புக்காக வகுத்துக்கொள்ளும் பொருள் வேறு ரகம். அது சாட்சி அல்ல, ஒப்பந்தம். “இங்கே இந்தச் சொல்லை இப்படி வைத்துக்கொள்கிறேன்” என்று எழுதுபவர் சொல்கிறார். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பயன்படுமா, கடைசிவரை காப்பாற்றினாரா என்று மட்டும்தான் கேட்க முடியும்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 14 வயது நிறையாதவர். போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாதவர். இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் ‘இச்சட்டத்தில்’ என்ற வேலிக்குள் நிற்கிறது.

தமிழுக்கு இது புதிதே அல்ல. எழுத்தைப் பற்றிப் பேச வந்த இலக்கணக்காரர்கள், வழக்கில் இருந்த ‘உயிர்’, ‘மெய்’ என்ற சொற்களை எடுத்து எழுத்துகளுக்குப் பெயராக வைத்தார்கள். செய்யுளைப் பற்றிப் பேச வந்தபோது ‘அடி’, ‘தளை’ என்ற சொற்களுக்கும் அதே கதி. ‘அ’வுக்கு எப்படி உயிர் இருக்கும் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. தொல்காப்பிய மரபியல் ஒரு நூலுக்குரிய 32 உத்திகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘தான் குறியிடுதல்’. நூலாசிரியர் தன் தேவைக்குத் தானே ஒரு பெயரை இட்டு வழங்குவது. ஆக, உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை பழையது: உண்டு. எதுவரை என்பதுதான் சிக்கல்.

ஒரு கல்லூரிப் போட்டிக்கு ஒருவர் ‘பெண்களும் வேலையும்’ என்று கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் எழுத விரும்புவது, பெண்களின் கையில் சொந்தப் பணம் புழங்குவதைப் பற்றி. வழக்கில் ‘வேலை’ என்ற சொல்லோ பல பக்கம் இழுக்கிறது. ‘வீட்டில் தலைக்கு மேல் வேலை’ என்றால் ஒன்று, ‘மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது’ என்றால் வேறொன்று. (பழைய இலக்கியத்தில் ‘வேலை’ கடலையும் குறிக்கும். நல்லவேளையாக அந்தக் குழப்பம் இப்போது இல்லை.) எனவே இரண்டாம் பத்தியில் இப்படி எழுதுகிறார்: “இக்கட்டுரையில் ‘வேலை’ என்பது கூலியோ சம்பளமோ லாபமோ கிடைக்கும் உழைப்பை மட்டும் குறிக்கும்.”

இதில் தவறே இல்லை. சொல்லுக்கு வழக்கிலேயே பல பொருள் இருக்கிறது, அவற்றில் ஒன்றைத்தான் அவர் எடுத்திருக்கிறார். கட்டுரையின் கேள்விக்கு அந்தக் கோடு தேவைப்படுகிறது. சொல்லைப் பயன்படுத்தி வாதம் தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்லியும்விட்டார்.

ஐந்தாம் பத்தியில் வருகிறது வினை. “வேலை இல்லாத பெண்களுக்கு மாலையில் தையல், கணினி வகுப்புகள் நடத்தலாம். அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே.”

17-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு கணித மேதை பிளேய்ஸ் பாஸ்கல் இதற்கு ஒரு சோதனை சொல்லியிருக்கிறார். வரையறுத்த சொல் வரும் இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டு, வரையறையையே மனத்துக்குள் வைத்துப் படிக்க வேண்டும். வைத்துப் பார்க்கலாம்: “கூலியோ சம்பளமோ லாபமோ கிடைக்கும் உழைப்பு இல்லாத பெண்களுக்கு நேரம் இருக்கிறது.” உடனே ஓட்டை தெரிகிறது. சம்பளம் இல்லை என்பதற்கும் நேரம் இருக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்? தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம். அதாவது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஈடுபட்ட ஆண்களுக்கு 97 நிமிடம்.

கட்டுரையாளர் பொய் சொல்லவில்லை. இரண்டாம் பத்தியில் ‘வேலை’யைச் சம்பளமாகச் சுருக்கினார். ஐந்தாம் பத்தியில் ‘வேலை இல்லை’ என்று எழுதும்போது, ‘சும்மா இருக்கிறார்’ என்ற ஊர் வழக்கு அவர் அறியாமலே உள்ளே நுழைந்துவிட்டது. அந்தக் கட்டுரையை நம்பி யாராவது மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தால், அடுப்படியில் நிற்கும் நேரத்தில் யார் வருவார்கள்? எத்தனை தெளிவாக வரையறுத்தாலும் சொல்லின் பழைய வாசம் முழுக்கப் போவதில்லை. எழுதுபவரும் அதே ஊர்க்காரர்தான்.

எதிர்த் தரப்பிலும் இதே வழுக்கல் நடக்கும். “களைப்பு தரும் எந்த உழைப்பும் வேலையே” என்று ஒருவர் விரித்து வரையறுக்கிறார். நல்லது. பிறகு, “வேலைக்குச் சம்பளம் தரவேண்டும் என்பது எல்லோரும் ஏற்றது. எனவே சமையலுக்கும் சம்பளம் வேண்டும்” என்று முடிக்கிறார். எல்லோரும் ஏற்றது பிறருக்காகச் செய்யும் கூலி வேலைக்கான நியாயம். அதை அவருடைய அகன்ற ‘வேலை’க்கு யாரும் இன்னும் ஏற்கவில்லை. மாடியேறி மூச்சு வாங்கினால்கூட அவர் கணக்கில் அது வேலை. வீட்டு உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கலாம், ஆனால் அதை வாதிட்டு நிறுவ வேண்டும். ஒரு வரையறையை வைத்துப் பரிசாக வாங்கிக்கொள்ள முடியாது.

எதைப் பற்றி விவாதமோ அந்தச் சொல்லையே தனக்குச் சாதகமாக வகுத்துக்கொள்வதைத்தான் வாசகர் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அடையாளமும் உண்டு. வரையறையில் ‘உண்மையான’ என்ற சொல் எட்டிப் பார்க்கும். “உண்மையான வேலை என்பது...”, “உண்மையான கலைஞன் என்பவன்...” என்று தொடங்கினால், எழுதுபவர் பொருளைத் தெளிவுபடுத்தவில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இருக்கும் மரியாதையைத் தனக்குப் பிடித்த பக்கம் தள்ளிவிடுகிறார்.

வேலிக்குள் இருக்க வேண்டிய பொருள் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. சாலை விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீடு பற்றி 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பாதிக்காத ஒருவரின் உழைப்புக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. அந்தத் தீர்ப்பில், 2001 கணக்கெடுப்பில் வீட்டுப் பணி செய்யும் பெண்கள் வேலை செய்யாதோர் பட்டியலில் பிச்சைக்காரர்கள், சிறைக் கைதிகள் ஆகியோருடன் சேர்க்கப்பட்டிருந்ததை நீதிமன்றம் கடுமையாகக் குறை கூறியது. குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகையை 6 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது.

கணக்கெடுப்புத் துறை தன் வரையறையை மறைக்கவில்லை. அச்சிட்டே கொடுத்திருந்தது. ஆனால், ‘வேலை செய்யாதோர்’ என்ற பெயர் அந்த அட்டவணையைவிட்டு வெளியே போகும்போது, கூட இருந்த விளக்கம் போவதில்லை. சமூகம் ஏற்கெனவே மதிக்கத் தயங்கும் ஒன்றின் மீது அந்தப் பெயர் முத்திரையாக ஒட்டிக்கொள்கிறது. ‘வருமானம் ஈட்டும் பணியில் இல்லாதோர்’ என்பது போல நீளமான, அழகில்லாத ஒரு பெயர் இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்த்திருக்கும்.

கட்டுரை எழுதுபவருக்கும் பல நேரங்களில் அதுவே நல்ல வழி. ஒரு சொல்லைச் சுருக்கி வகுத்துவிட்டு வாசகரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வதைவிட, ‘சம்பள வேலை’, ‘வீட்டு வேலை’ என்று முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துவிடலாம். அடைமொழி எல்லாப் பத்திக்கும் கூடவே வரும். சொல் நாற்பது முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் அடைமொழி சேர்த்தால் படிக்க முடியாது என்ற நிலையில்தான் தனி வரையறை அவசியமாகிறது. அப்போதும் அதை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காமல், சொல் முதலில் கனம் தாங்கும் இடத்துக்கு முன்பே வைக்க வேண்டும்.

இன்னோர் இடம் எளிதில் கண்ணில் படுவதில்லை: தலைப்பு. போனில் படிப்பவர்களில் பலர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். ‘பெரும்பாலான பெண்களுக்கு வேலை இல்லை’ என்று தலைப்பிட்டு, இரண்டாம் பத்தியில் எத்தனை கவனமாகப் பொருள் வகுத்திருந்தாலும், அனுப்பப்படும் படத்தில் அந்த இரண்டாம் பத்தி இருக்காது. வகுத்துக்கொண்ட பொருளில் ஒரு சொல்லைத் தலைப்பில் வைக்காமல் இருப்பதே நல்லது. ‘சம்பள வேலை இல்லை’ என்று எழுத, கூடுதலாக ஒரே ஒரு சொல்தான் செலவாகும்.