மீந்த பெயிண்டும் வெளுத்த சுவரும்

பரணில் ஒரு பெயிண்ட் டப்பா இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஹாலுக்கு அடித்தது போக மீந்தது. பீரோவை நகர்த்தும்போது சுவரில் விழுந்த கீறலை மறைக்க அதையே கொஞ்சம் தொட்டு வைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வைத்துக் காய்ந்த பிறகு பார்த்தால், கீறல் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய திட்டு ஒன்று தெரிகிறது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, அட்வான்ஸில் பெயிண்ட் காசைப் பிடித்துவிடுவார்களே என்று அவசரமாகச் செய்யும் டச்சப்பில் இது அடிக்கடி நடக்கும்.

மூடி இறுக்கமாக இருந்த டப்பாவுக்குள் நிறம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மாறியிருப்பது சுவர். சுவரில் மாட்டிய காலண்டரையோ சாமி படத்தையோ எடுத்துப் பாருங்கள்; அதன் பின்னால் இருக்கும் நிறம்தான் டப்பாவில் இருப்பது. சுற்றியுள்ள சுவர் வெயிலில் வெளுத்திருக்கும், அதன் மேல் தூசியும் சமையல் புகையும் படிந்திருக்கும். வெளுப்பதும் எல்லா நிறத்துக்கும் ஒன்றுபோல் நடப்பதில்லை. காவியும் மங்கலான மஞ்சளும் தரும் இரும்பு ஆக்சைடு நிறமிகள் வெயிலை நன்றாகத் தாங்கும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, ஊதா தரும் பல கரிம நிறமிகள் அவ்வளவு தாங்காது. ஒரே கலவையில் இரண்டு வகையும் இருந்தால், ஒன்று போய் மற்றது நிற்கும். அதனால்தான் பழைய மஞ்சள் சுவர் வெறுமனே வெளிறாமல் சற்றே மண் நிறத்துக்குப் போகிறது.

ஆகவே முதல் வேலை பெயிண்டைத் தொடுவதல்ல, சுவரைத் துடைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான துணியை நன்றாகப் பிழிந்து, கீறலைச் சுற்றி ஓரிரு அடி அகலத்துக்கு மெதுவாகத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மினுப்பில்லாத சுவரில் பளபளப்பான தழும்பு விழுந்துவிடும், அதை எடுக்கவே முடியாது. சில கறைகள் துடைத்ததிலேயே போய்விடும், டச்சப்பே தேவைப்படாது. தலை சாய்த்து உட்காரும் இடத்தில் படிந்த எண்ணெய்க் கறையும், குழந்தைகளின் ஸ்கெட்ச் பேனா கோடும் வேறு ரகம். அவற்றின் மேல் எத்தனை முறை எமல்ஷன் அடித்தாலும் மறுபடி ஊறி வெளியே வரும். துடைத்த பின் ஆயில் பிரைமரை ஒரு கை பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அங்கே பெயிண்ட் வைக்க வேண்டும்.

இனி டப்பா. திறந்ததும் அழுகிய நாற்றம் அடித்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், கிருமி புகுந்துவிட்டது. மேலே ஆடை கட்டியிருந்தால் அதைக் கலக்காமல் எடுத்துப் போட்டு, அடியில் படிந்த நிறமி முழுக்க மேலே வரும்வரை குச்சியால் கிளறி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கிளறாத டப்பாவின் மேல்பகுதியை மட்டும் எடுத்தால் நிறம் தவறிவிடும்.

பீரோ கீறிய அந்த வெளிர் மஞ்சள் ஹால் சுவரையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய கப்பில் 50 மில்லி பெயிண்டை ஊற்றி, முதலில் அப்படியே ஒரு வெள்ளை அட்டையில் பூசிக் காயவிடுகிறோம். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காயும்போது அழுத்தமாகும். அதிலுள்ள பிசின் ஈரத்தில் பால்போல் வெண்மையாக இருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடுவதே காரணம். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு. காயக் காய வெளுக்கும். எதுவானாலும் ஈரத்தில் நிறம் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஃபேனுக்குக் கீழே ஓரிரு மணி நேரமாவது வேண்டும்.

காய்ந்த அட்டையின் நடுவில் காசளவு துளை போட்டு, கீறலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், துளைக்குள் சுவரின் நிறமும் சுற்றிலும் பெயிண்டின் நிறமும் அருகருகே தெரியும். கண்ணுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. நம் அட்டை சுவரைவிட மஞ்சளாக இருக்கிறது. அதே ரகத்து வெள்ளை எமல்ஷனை ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 மில்லி, கப்பில் சேர்த்து அடுத்த அட்டை. இன்னும் மஞ்சள் தூக்கலாக இருந்தால் இன்னொரு டீஸ்பூன். இப்போது வெளுப்பு சரி, ஆனால் சுவரைவிடச் சுத்தமாகத் தெரிகிறது. இந்த இடத்தில் பலரும் கறுப்பைச் சேர்ப்பார்கள். மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பச்சை சாயல் வந்துவிடும். பெயிண்ட் கடையில் சிறிய பாட்டிலில் விற்கும் ஸ்டெயினரில் பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு நிறம் வாங்கி, பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டுக் கலக்கினால் போதும். ஸ்டெயினர் மிக வீரியமானது. இத்தனை சிறிய அளவுக்கு முழுச் சொட்டு விட்டால் நிறம் கெட்டுப்போகும். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் எவ்வளவு சேர்த்தோம் என்று எழுதி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் பொருந்தியது டியூப் லைட்டில் பொருந்தாமல் போகலாம் என்பதால், இரண்டிலும் பார்த்த பிறகே சுவருக்குப் போகலாம்.

நிறம் சரியாக வந்தும் திட்டுத் தெரிவதுண்டு. அங்கே பிரச்சினை பூசிய விதத்தில் இருக்கிறது. கீறலில் பட்டி வைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்திருப்போம். வெறும் பட்டி பெயிண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் அந்த இடம் மட்டும் மங்கும். அதன்மேல் பிரைமர் ஒரு கை அவசியம். பிரைமர் பட்டியின் மேல் மட்டும் இருக்க வேண்டும், நல்ல சுவருக்குப் பரவக்கூடாது. அடுத்தது கருவி. ரோலரில் அடித்த சுவருக்கு நுண்ணிய புள்ளிப் புள்ளியான மேற்பரப்பு இருக்கும். அதில் பிரஷ்ஷால் இழுத்தால், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது அந்த இழுப்பு காட்டிக்கொடுத்துவிடும். சின்ன ரோலரில் மிகக் குறைவாகப் பெயிண்ட் எடுத்து நடுவில் தொடங்கி, ஓரத்துக்கு வரும்போது ஏறக்குறைய உலர்ந்த ரோலரால் ஒற்றி ஒற்றி முடித்தால் விளிம்பு மறையும். தடிமனாக ஒரு கை பூசுவதைவிட மெல்லிசாக இரண்டு கை மேல்.

இவ்வளவும் மினுப்பில்லாத எமல்ஷனுக்குத்தான் நன்றாகப் பலிக்கும். சாட்டின் போன்ற பளபளப்பான பெயிண்டிலும், கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமலிலும் நிறம் அச்சாகப் பொருந்தினாலும் மினுப்பில் வேறுபாடு தெரிந்துவிடும். அங்கே கீறலோடு மல்லுக்கட்டாமல் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுவதே என் யோசனை. மூலையில் சேரும் இரண்டு சுவர்களின் மேலும் வெளிச்சம் வெவ்வேறு கோணத்தில் விழுகிறது; ஒரே பெயிண்ட் அடித்தாலும் அவை சற்று வேறாகவே தெரியும். அதனால் அங்கே சிறிய நிற வேறுபாட்டைக் கண் கண்டுகொள்வதில்லை. பத்தடிக்குப் பத்தடி சுவருக்கு இரண்டு கை அடிக்க, பெயிண்டின் தரத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை பிடிக்கும். பரணில் இருப்பது அதற்குப் பற்றாது என்றால், டப்பா மேல் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைச் சொல்லிப் புதிதாகக் கலந்து வாங்கி, மீந்ததையும் அதில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். பாதிச் சுவரில் ஒரு டப்பா தீர்ந்து அடுத்ததைத் திறந்தால், அந்த இடத்திலும் கோடு விழும்.