அரக்கும் பச்சையும் அடித்துக்கொள்ளாமல் இருக்க

சில வருடங்களுக்கு முன்பு நவராத்திரிக்கு எங்கள் ஹாலை அலங்கரித்தபோது, மங்களகரமான நிறம் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அரக்கு நிறத் திரை, பச்சை சோபா உறை, தங்க நிற மெத்தைத் தலையணை, போதாததற்கு ஜிகினாத் தோரணம். பன்னிரண்டுக்குப் பத்தடி ஹால். வந்தவர்கள் சுண்டலைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, கொலுவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொம்மைகள் அங்கே இருந்ததே கண்ணில் படவில்லை என்பது போட்டோவைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இதே மூன்று நிறங்கள் காஞ்சிபுரம் பட்டில் எப்படி அழகாகச் சேர்கின்றன? அரக்கு உடல், பச்சைக் கரை, ஜரிகை. அந்தப் புடவையை விரித்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். உடல் முழுக்க அரக்கு. பச்சை ஓரத்தில் மட்டும். பாதிக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஜரிகைக் கோடு ஓடும். சிவப்பு வகை நிறங்களும் பச்சையும் நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை. வெளிச்சத்தில் ஒரே அளவாக இருக்கும் இரண்டையும் நேரடியாக ஒட்டவைத்தால், அந்த விளிம்பு கண்ணை உறுத்தும். நடுவில் ஓடும் ஜரிகை அவற்றைப் பிரித்துவைக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்திலும் தங்க ரேக்கு செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று.

அதனால் மறு வருடம் புடவையையே அறைக்கு அளவாக எடுத்துக்கொண்டேன். சுவர் ஏற்கெனவே சந்தன நிறம். படிகளுக்கு எப்போதும் போல வெள்ளை வேட்டி. பார்வையில் படுகிற பரப்பில் பத்துக்கு ஆறு பங்கு இந்த வெளிர் நிறங்களே. சோபாவுக்குப் பழைய சந்தன நிற உறை திரும்பி வந்தது.

அரக்கு ஒரே இடத்தில் மட்டும், படிகளுக்குப் பின்னால். அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையை எட்டடி உயரத்தில் இருந்த கம்பியின் மேல் மடித்துத் தொங்கவிட்டேன். புடவையின் அகலம் ஏறக்குறைய நான்கடி, எங்கள் படியின் அகலமும் அதுவே. பச்சைக் கரைகள் இரண்டும் தூண்கள் போல இருபக்கமும் நின்றன. முந்தானை பின்பக்கம் போய்விட்டது. மனது கேட்கவில்லைதான், ஆனால் ஜரிகை நிறைந்த முந்தானை முன்னால் வந்தால் பொம்மைகளின் நகைகளோடு போட்டி போடும். வெறும் அரக்கின் முன்னால்தான் பொம்மையின் கிரீடம் எடுப்பாகத் தெரியும். புட்டா போட்ட உடல் என்றாலும் இதே சிக்கல் வரும். நெரிசல் நிறத்தால் மட்டுமல்ல, வேலைப்பாட்டாலும் வருகிறது. பட்டுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே மூன்றடியாவது விடுங்கள்.

பச்சைக்காக நான் எதையும் வாங்கவில்லை. புடவைக் கரை, வாசலில் மாவிலைத் தோரணம், தாம்பாளத்தில் வெற்றிலை, இவ்வளவுதான். மாவிலை நாளாக ஆக நிறம் மங்கி அடங்கிப்போகும், அது அரக்குக்கு இன்னும் பொருந்தும். பிளாஸ்டிக் இலைகளின் பளீர் கிளிப்பச்சைதான் அறையைக் கெடுப்பது. அது அரக்கை அழுக்குச் சிவப்பாகக் காட்டிவிடும். துணியாகவே பச்சை வேண்டுமென்றால் பாட்டில் பச்சை நல்லது.

தங்கத்தை நிறமாக நினைத்து வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறோம். அதன் அழகு, மேலே விழுகிற வெளிச்சத்தில்தான் இருக்கிறது. தங்க நிறத் தலையணையை இருட்டு மூலையில் வைத்தால் வெறும் பழுப்பு மஞ்சள். அதே மூலையில் தேய்த்துத் துலக்கிய பித்தளைச் சொம்பை வைத்து ஒரு விளக்கைக் காட்டினால் தங்கம். எங்கள் கொலுவில் தங்கம் என்பது இரண்டு குத்துவிளக்கு, ஒரு தாம்பாளம், புடவை ஜரிகை. ஜிகினா பரணுக்குப் போய்விட்டது.

பல்பு முக்கியம். அட்டையில் 6500K என்று போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி.யின் கீழே பித்தளை வெளிறும், அரக்கு செத்துப்போகும். 2700K என்று போட்ட மஞ்சள் வெளிச்சப் பல்பு ஒன்றைப் படிகளை நோக்கித் திருப்பிவைத்தேன். வெளிச்சம் மங்கினால் நம் கண்ணுக்குச் சிவப்பு வகைகள் முதலில் கறுக்கும், பச்சை அவ்வளவாகக் கறுக்காது. பகலில் சரியாக இருக்கும் அரக்குத் திரை ராத்திரியில் கருப்புத் துணியாகத் தெரிவது அதனால்தான். எனவே அலங்காரத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அப்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பச்சையும் அரக்கும் ஒரே சாம்பலாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால், அவை சேரும் இடத்தில் ஒரு வெளிர் துணியோ ஜரிகையோ தேவை. எங்கள் படத்தில் பச்சைக் கரை பிரிந்து தெரிந்தது. ஆனால் அரக்குப் புடவை கட்டிய ஒரு பொம்மை பின்னணியோடு கரைந்து, தலை மட்டும் மிதந்தது. அதைக் கீழ்ப்படிக்கு, வெள்ளை வேட்டி நன்றாகத் தெரியும் இடத்துக்கு மாற்றினேன்.