வழுக்கைத் தலையும் ஃபிளாஷ் வெளிச்சமும்

மணிவிழா ஆல்பங்களைப் புரட்டும்போது ஒரு குறை அடிக்கடி கண்ணில் படும். மாலையோடு நிற்கும் பெரியவரின் முன்நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு வெள்ளைத் திட்டு. அந்த இடத்தில் தோலின் நிறமும் தெரியாது, சுருக்கமும் தெரியாது. படம் எடுத்தவரைக் கேட்டால் பெரும்பாலும் "ஃபிளாஷ் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது" என்பார். ஆனால் ஃபிளாஷின் அளவைக் குறைத்து எடுத்துப் பாருங்கள். முகம், சட்டை, மாலை எல்லாம் சேர்ந்து இருண்டுபோகும். முகத்தைவிடத் திட்டு எத்தனை மடங்கு பிரகாசமோ, அந்த மடங்கு மட்டும் மாறாது.

தோலில் படும் ஒளியில் பெரும்பகுதி உள்ளே இறங்குகிறது. அங்கே சிதறி, தோலின் நிறத்தை ஏற்றுக்கொண்டு மிச்சம் வெளியே வருகிறது. நாம் முகமாகப் பார்ப்பது இந்த ஒளியைத்தான். நேராகப் படும் ஒளியில் சுமார் 4 சதவீதம் உள்ளே போகாமல், மேலே படிந்த எண்ணெய்ப் பசையிலும் வியர்வையிலும் பட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. அதற்குத் தோலின் நிறம் கிடையாது. எவர்சில்வர் கரண்டியின் முதுகில் ட்யூப் லைட் சின்னதாகத் தெரிவதுபோல, வழுக்கைத் தலையின் வளைவில் தெரிவது ஃபிளாஷின் பிம்பம். தோல் கறுப்பாக இருந்தால் உள்ளிருந்து வரும் ஒளி குறைவு, மேலே திரும்பும் ஒளியோ ஏறக்குறைய அதே அளவு. அதனால் நம் ஊர் முகங்களில் மினுக்கம் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

திட்டு என்பது விளக்கின் பிம்பம் என்று தெரிந்துவிட்டால், மாற்ற வேண்டியது விளக்கின் உருவத்தை என்பதும் தெரிந்துவிடும். கேமரா மேல் மாட்டும் ஸ்பீட்லைட்டின் முகம் 7 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரம் இருக்கும். அதாவது 28 சதுர செ.மீ. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து முகம் முழுக்கத் தேவையான ஒளி கிளம்ப வேண்டுமானால், அந்த இடம் கண் கூசும் பிரகாசத்தோடு இருந்தாக வேண்டும். அதன் பிம்பமும் அப்படியே விழும். அதே ஃபிளாஷை 1 மீட்டர் அகல வெள்ளைக் குடை வழியாக அடித்தால், ஒளி தரும் பரப்பு ஏறக்குறைய 7,850 சதுர செ.மீ. ஆகிவிடுகிறது, அதாவது சுமார் 280 மடங்கு. முகத்துக்கு வந்து சேரும் ஒளி அதே அளவில் இருக்கும்படி ஃபிளாஷைச் சரிசெய்துகொள்கிறோம். அது அகலமான பரப்பிலிருந்து வருவதால் பிம்பம் பெரிதாகி, மங்கி, ஓரம் கரைந்து தோலோடு கலந்துவிடுகிறது.

குடையை வாங்கிய பிறகும் பலர் அதை எட்டவே வைக்கிறார்கள். பக்கத்தில் கொண்டுவந்தால் வெளிச்சம் கடுமையாகிவிடும் என்று பயம். நடப்பது நேர் எதிர். பெரியவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளிக் குடை இருக்கிறது, ஃபிளாஷ் 1/4 அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடையை 1 மீட்டருக்கு நகர்த்தினால் முகத்தில் விழும் ஒளி ஏறக்குறைய 4 மடங்காகும். அதைச் சரிக்கட்ட ஃபிளாஷை 1/16-க்கு இறக்குகிறோம். இப்போது முகம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது. குடையின் பரப்போ முன்பைவிட நான்கில் ஒரு பங்கு பிரகாசம்தான். தலையில் தெரியும் பிம்பமும் நான்கில் ஒரு பங்காகிவிடும். பணச் செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் மற்ற பல உபாயங்களைவிடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து. குடை படத்துக்குள் தலைகாட்டாத எல்லைவரை நெருக்கலாம்.

அடுத்தது இடம். விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவழியை நோக்கியிருக்கும் தோலில்தான் மினுக்கம் விழும். இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் திட்டு எங்கே வரும் என்று எடுக்கும் முன்பே சொல்லிவிடலாம். மண்டபத்தில் பலரும் செய்வதுபோல ஃபிளாஷைத் தூக்கி மேற்கூரையில் அடித்தால், கூரை முழுவதும் விளக்காகிறது. மற்றவர்களுக்கு அது மென்மையான வெளிச்சம். முன்முடி ஏறிப்போனவருக்கோ சாய்வாக மேலே பார்க்கும் அந்த இடம் முழுக்கப் பளபளக்கும். அவருக்காக ஃபிளாஷின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வெள்ளைச் சுவரில் அடியுங்கள். குடை வைத்திருந்தால் 45 பாகை பக்கமாக, கண் மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். மினுக்கம் உச்சியைவிட்டு நெற்றியின் பக்கத்துக்கு நகர்ந்து, மெல்லிய சரிவாக நின்று தலையின் உருண்டையைக் காட்டும்.

ஸ்டுடியோக்காரர்கள் பழக்கத்தில் பின்னால் ஒரு ஹேர் லைட் போடுவார்கள். முடியை எடுத்துக்காட்ட வந்த விளக்கு அது. வழுக்கையில் அது சாய்வாக வழுக்கிக்கொண்டு படும். சாயச் சாயத் தோல் திருப்பி அனுப்பும் ஒளி 4 சதவீதத்தைவிடப் பல மடங்காகிறது. முடி மெலிந்தவருக்கு இழைகளுக்கிடையே மண்டையும் தெரியும். அதை அணைத்துவிடுவதே நல்லது. இருண்ட பின்னணியிலிருந்து தலையைப் பிரிக்க வேண்டுமென்றால் பின்சுவரில் கொஞ்சம் வெளிச்சம் போதும்.

விளக்கைச் சரிசெய்த பிறகுதான் பவுடர். மணிவிழாவில் ஹோமப் புகை, வியர்வை, கலச நீர் எல்லாம் சேர்ந்து தலை நனைந்திருக்கும். முதலில் டிஷ்யூ காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் எண்ணெய் பரவும், திருநீறும் குங்குமமும் கலையும். ஈரம் போன பிறகு, அவர் தோல் நிறத்துக்கு ஒத்த பவுடரை மெல்லிய பிரஷ்ஷால் உச்சி, நெற்றி, மூக்கு, காது என எல்லா இடத்திலும் சமமாகத் தட்டுங்கள். உச்சியில் மட்டும் போட்டால் மூக்கு தனியாக மின்னும். ஈரத்தின் மேல் போட்டால் திரண்டுவிடும். வீட்டு டால்கம் பவுடர் கறுத்த தோலில் சாம்பல் பூத்ததுபோல் காட்டும். நிறமில்லை என்று விற்கப்படும் சிலிக்கா பவுடர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, ஃபிளாஷ் அடித்ததும் வெள்ளையாகத் தெரியக்கூடும். எனவே ஒரு சோதனைப் படம் எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

சுவடே தெரியாமல் மினுக்கத்தை அகற்றவும் வழி உண்டு. ஃபிளாஷின் முன் போலரைசர் படலமும் லென்ஸில் போலரைசர் வடிகட்டியும் மாட்டி, வடிகட்டியைத் திருகிக்கொண்டே போனால், இரண்டும் குறுக்காக நிற்கும் இடத்தில் மேற்பரப்பு ஒளி மறைந்துவிடும். லென்ஸில் மட்டும் மாட்டினால் பயன் குறைவு. இதற்கு 2½ முதல் 3 ஸ்டாப் வரை ஒளி செலவாகும். தோல் மருத்துவப் படங்களுக்கு இது மிகப் பொருத்தம். நினைவுப் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மினுக்கமே இல்லாத தலை தட்டையாக, உயிரற்று நிற்கும்.

முதல் படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி, பளிச்சென்ற இடத்துக்குள் தோலின் நுண்துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பிறகு மட்டுப்படுத்தலாம். ஹிஸ்டோகிராமைச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்துப் பார்க்க முடிந்தால் சிவப்பைக் கவனியுங்கள். தோலில் முதலில் வலது ஓரத்தை முட்டுவது அதுதான். மூன்றும் முட்டிவிட்டால் அங்கே மீட்க எதுவும் இல்லை; ஃபோட்டோஷாப்பில் இருட்டாக்கினால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும். முட்டாமல் இருந்தால், படத்தின் நகல் லேயரில், குளோன் ஸ்டாம்பை `Darken` முறையில் 30 சதவீத அளவில் வைத்து, பக்கத்துத் தோலிலிருந்து எடுத்து மெல்ல மெல்லத் தடவுங்கள். முடித்ததும் அந்த லேயரின் அடர்த்தியைப் பாதியளவுக்குக் குறைத்தால், பழைய மினுக்கத்தில் கொஞ்சம் அடியிலிருந்து தெரியும்.