பெயர் தெரியாத மாத்திரையைக் குழந்தை விழுங்கிவிட்டால்

ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போட்டுப் பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள உடம்புக்குப் பெரியவர்களின் சில மாத்திரைகளில் ஒன்றே ஆபத்தாகிவிடலாம். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், கடும் வலிக்கான டிராமடால் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. அதனால் விழுங்கியது எது என்று தெரியும் வரை, அது ஆபத்தானது என்றே கொள்ள வேண்டும்.

முதலில் குழந்தையின் வாயைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை மட்டும் விரலால் வழித்து எடுத்துவிடலாம். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவினால் மாத்திரை இன்னும் உள்ளே போய் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்து நினைவு இல்லாத குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால், வாந்தி எடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகாது.

வாந்தி எடுக்க வைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. உப்புக் கரைசல் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு ஏறி, அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. பாலோ மோரோ விஷத்தை முறித்துவிடாது. மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாய்வழியாகக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த வேலை, கணக்கெடுப்பது. ஓர் உதாரணம்: பாட்டி 2 மில்லிகிராம் கிளிமிபிரைடு மாத்திரையைத் தினமும் காலையில் ஒன்று போடுகிறார். பத்து மாத்திரை கொண்ட புது அட்டையைத் திங்கட்கிழமை பிரித்தார். வியாழன் காலை மாத்திரை போட்ட பிறகு அதில் ஆறு இருக்க வேண்டும், இருப்பதோ நான்கு. கட்டிலுக்கு அடியில் எச்சில்பட்ட பாதி மாத்திரை கிடக்கிறது. குழந்தை ஒன்றரை மாத்திரை விழுங்கியிருக்கலாம் என்றாலும், காணாமல் போன இரண்டையும், அதாவது 4 மில்லிகிராமை, விழுங்கியதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாட்டி பத்து மணிக்கு அட்டையை மேசையில் வைத்தார், பத்தே முக்காலுக்குக் குழந்தை கையில் அதைப் பார்த்தார்கள் என்றால், விழுங்கிய நேரம் பத்து மணி என்றே கணக்கு. இதோடு குழந்தையின் எடையையும் சொல்ல வேண்டும். கூட விளையாடிய இன்னொரு குழந்தை இருந்தால் அதையும் பரிசோதிக்க வேண்டும்.

அட்டை, டப்பா, மிச்சத் துண்டு, குழந்தை வாந்தி எடுத்திருந்தால் அதில் கிடக்கும் மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால், வீட்டில் யார் யார் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியலே துப்பு. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம். ஆனால் அந்த அழைப்புக்காக மருத்துவமனைக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பதினோரு மணிக்கு அந்தக் குழந்தை ஓடியாடி விளையாடுகிறது என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிட முடியாது. இந்த வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை சில மணி நேரம் கழித்தும் திடீரென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத அழுகை, அசதி என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். தூங்கும் குழந்தையிடம் இந்த அறிகுறிகள் கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்து அடிக்கடி சர்க்கரை பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் இப்படி ஏமாற்றும்: முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து பிறகு குழந்தை தேறியதுபோல் தெரியும்; அதற்கப்புறம்தான் நிலைமை மோசமாகும்.

மருந்தைப் பூட்டி வைப்பதில் உயரத்தை மட்டும் நம்ப முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு அலமாரியின் மேல்தட்டும் எட்டும். பூட்டும் சாவியும் உள்ள பெட்டியோ பீரோவோதான் பாதுகாப்பு. சாவி அதிலேயே தொங்கக் கூடாது. மாத்திரை போட்ட கையோடு அட்டையை உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். தலையணைக்கு அடியில், கைப்பையில், ஃப்ரிட்ஜ் மேல் வைக்கும் பழக்கத்தையும், விருந்தாளிகளின் பையைத் தரையில் விடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மருந்துக்கடையில் வெட்டிக் கொடுக்கும் அட்டைத் துண்டில் பல நேரம் மருந்தின் பெயர் இருக்காது. அதை ஒரு கவரில் போட்டு, பெயரையும் அளவையும் எழுதி வைத்தால் அவசரத்தில் உதவும். மருந்தை ‘மிட்டாய்’ என்று சொல்லிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. பிறகு அட்டை கையில் கிடைத்தால் குழந்தை அதையும் மிட்டாயாகத்தான் பார்க்கும்.