பிரேக்கை எண்ணும் பெட்டி

கார் இன்சூரன்ஸ் பிரீமியத்தை வண்டியின் மாடல், வயது, ஊர், முன்பு வாங்கிய கிளெய்ம் ஆகியவற்றை வைத்துப் போடுவதுதான் நெடுநாள் வழக்கம். சில நாடுகளில் ஓட்டுபவரின் வயதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறவரும் இடம் விட்டுப் போகிறவரும், விபத்து நடக்காதவரை கம்பெனிக்கு ஒன்றுதான்.

அமெரிக்காவின் பெரிய கார் இன்சூரன்ஸ் நிறுவனங்களுள் ஒன்றான புரோகிரசிவ் இந்த இடத்தில்தான் கை வைத்தது. 1990களின் கடைசியில் டெக்சாஸில் ஒரு முன்னோட்டம் நடத்தியது. 2004இல் மின்னசோட்டாவில் 'டிரிப்சென்ஸ்' என்ற சிறு கருவியைக் கொடுத்துப் பார்த்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்று அந்நாட்டில் எல்லோரும் அறிந்த 'ஸ்னாப்ஷாட்'. ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் போடும் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கருவி எதை எண்ணுகிறது என்பதை அந்த நிறுவனமே ஓரளவு வெளியில் சொல்லியிருப்பது அதற்கு ஒரு காரணம்.

பெட்டியை மாட்டும் இடம் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஓபிடி சாக்கெட். மெக்கானிக் 'ஸ்கேனர் போட்டுப் பார்க்கிறேன்' என்று சொல்லிச் செருகுவாரே, அதே 16 முள் சாக்கெட்தான். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். பெட்டிக்கு வேண்டிய மின்சாரமும் வண்டியின் வேகமும் இதன் வழியாகவே கிடைத்துவிடுகின்றன.

பெட்டி நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த நொடியின் வேகத்தை முந்தைய நொடியோடு கழித்துப் பார்க்கிறது. ஒரே நொடியில் மணிக்கு 7 மைல், அதாவது சுமார் 11.3 கிலோமீட்டர், அல்லது அதற்கு மேல் வேகம் விழுந்தால் அது ஒரு 'ஹார்டு பிரேக்'. பெட்டி 'பீப்' என்று கத்தும். கணக்கில் ஒன்று ஏறும். இத்துடன் எத்தனை மைல் ஓடியது, எந்த நேரத்தில் ஓடியது என்பதும் பதிவாகும். நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 மணி வரையிலான ஓட்டத்துக்குத்தான் நேரக் கணக்கில் மோசமான இடம்.

வேடிக்கை என்னவென்றால், ஓபிடி சாக்கெட் வேகத்தை முழு எண்ணில்தான் சொல்லும். 52இல் போன வண்டி அடுத்த நொடியில் 41க்கு வந்தால் தப்பித்தது. 40க்கு வந்தால் மாட்டிக்கொண்டது. கால் வைத்த அழுத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. மேடு பள்ளத்திலோ மணலிலோ சக்கரம் ஒரு கணம் பிடிப்பிழந்தாலும் வேகம் சட்டென விழுந்ததாகக் காட்டும். ஆகவே ஓரிரண்டு 'பீப்'புக்குப் பதற வேண்டியதில்லை. வாரக்கணக்கில் சேரும் எண்ணிக்கையே பேசும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்களும் முன்னால் போகிறவரும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். நொடிக்கு 16.7 மீட்டர். இடைவெளி 20 மீட்டர். ஊருக்குள் பலரும் இதையே தாராளம் என்பார்கள். முன்னவர் திடீரென்று பலமாக பிரேக் போட்டு 28 மீட்டரில் நின்றுவிடுகிறார். அவருடைய சிவப்பு விளக்கைப் பார்த்து உங்கள் கால் பிரேக்கில் பதிவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்றால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். மிச்சமிருப்பது 23 மீட்டர். அதற்குள் நிற்க வேண்டுமானால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 22 கி.மீ. வீதம் விழ வேண்டும். வரம்பு 11.3. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எவ்வளவு திறமையான ஓட்டுநராக இருந்தாலும் 'பீப்' நிச்சயம்.

அதே வேகத்தில் வரம்பைத் தாண்டாமல் நிற்பதற்கு பிரேக் போட்ட பிறகு 44 மீட்டர் வேண்டும். யோசிக்கும் நேரத்து 25 மீட்டரையும் சேர்த்து, முன்னவர் நின்ற 28 மீட்டரைக் கழித்தால், முதலிலேயே இருந்திருக்க வேண்டிய இடைவெளி 41 சொச்சம் மீட்டர். நேரத்தில் சொன்னால் இரண்டரை நொடி. சாலையோரக் கம்பம் ஒன்றை முன்வண்டி கடந்ததும் எண்ணத் தொடங்கி, மூன்று நொடி கழித்து நாம் கடந்தால் கணக்குச் சரி.

கம்பெனிக்கு பிரேக் மீது ஏன் இவ்வளவு அக்கறை என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. ஹார்டு பிரேக் தன்னளவில் குற்றமில்லை. அது முன்வண்டியை ஒட்டிப் போகிற பழக்கத்தின், தூரத்தைப் பார்க்காமல் ஓட்டுகிற பழக்கத்தின் தடயம். இன்று இருபது தடவை சமாளித்து நிறுத்தியவர் ஒருநாள் சமாளிக்க முடியாமல் போவார் என்பதுதான் கம்பெனியின் ஊகம். இதில் தவறு காண எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெட்டிக்குக் கண் கிடையாது. குறுக்கே ஓடிய குழந்தைக்காகப் போட்ட பிரேக்கும், போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசி நொடியில் போட்ட பிரேக்கும் அதற்கு ஒரே கழித்தல் கணக்கு.

இந்த எண்ணிக்கை அப்படியே மதிப்பெண் ஆகிவிடாது; ஓடிய தூரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு நான்கு ஹார்டு பிரேக் போடும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் 400 கி.மீ. ஓடுகிறார், மற்றவர் நகர நெரிசலில் 80 கி.மீ. முதலாமவருக்கு நூறு கிலோமீட்டருக்கு ஒன்று, இரண்டாமவருக்கு ஐந்து. அவர் குறைவாக ஓடுவதற்குத் தூரக் கணக்கில் சலுகை கிடைக்கும். பிரேக் கணக்கில் அதை இழப்பார். எதற்கு எவ்வளவு எடை என்ற முழுச் சூத்திரத்தை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை. நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்பவருக்கு இதில் கொஞ்சம் அநியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பெட்டியின் இடத்தை இப்போது செல்போன் ஆப் பெருமளவு பிடித்துவிட்டது. கம்பெனிக்குக் கருவி வாங்கி அனுப்பும் செலவு மிச்சம். கூடவே பெட்டிக்குத் தெரியாத ஒன்று ஆப்புக்குத் தெரிகிறது. வண்டி ஓடும்போது போன் திரை திறக்கப்பட்டதா, கையில் எடுத்து அசைக்கப்பட்டதா என்பதே அது. பல ஆப்களில் பிரேக்கைப் போலவே இதுவும் மதிப்பெண்ணைத் தின்னும்.

ஆனால் போன் வண்டியோடு பிணைக்கப்பட்ட பொருள் இல்லை. அது ஜிபிஎஸ்ஸையும் உள்ளே இருக்கும் அசைவு உணரியையும் வைத்து, இது பிரேக்கா, திருப்பமா, வெறும் குலுங்கலா என்று ஊகிக்கிறது. மேம்பாலத்துக்கு அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் புள்ளி தாவும்; வேகமும் அதோடு ஏறி இறங்கும். சீட்டில் போட்ட போன் கீழே விழுந்தால் அதையும் ஏதோ சம்பவம் என்று ஆப் நினைக்கலாம். நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துபோன டாக்சிப் பயணம் உங்கள் ஓட்டமாகவே ஏறிவிடும். இதைத் தவிர்க்கச் சில நிறுவனங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன புளூடூத் வில்லையைத் தருகின்றன. வில்லை அருகில் இருந்தால்தான் அது உங்கள் கார் ஓடிய கணக்கு.

எனவே ஆப் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது பயணப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது. சம்பவம் வரைபடத்தில் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கோடு சாலையை விட்டு விலகிக் கட்டடங்களுக்குள் வளைந்து போயிருந்தாலோ, நின்றிருந்த இடத்தில் பிரேக் விழுந்திருந்தாலோ பிழை ஜிபிஎஸ்ஸில். டாக்சிப் பயணங்களை 'நான் பயணி' என்று மாற்றிவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் அந்த வசதி உண்டு. பயணங்களே விடுபட்டிருந்தால், ஆண்ட்ராய்டு போன் பேட்டரியைச் சேமிப்பதற்காக ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து ஆப்பை விலக்கினால் சரியாகும்.

மதிப்பெண்ணை ஏற்றப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மூன்று நொடி இடைவெளியே பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதி ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. தூரத்தில் சிக்னல் சிவப்பாவது தெரிந்ததும் காலை எடுத்துவிட்டால், கியரிலேயே வண்டி கணிசமாக வேகம் குறைந்து வரும். கடைசியில் பிரேக்கைத் தொட்டால் போதும். போனை வண்டி எடுக்கும் முன்பே ஸ்டாண்டில் மாட்டி வழியைப் போட்டுவிட வேண்டும், அல்லது டாஷ்போர்டு அறைக்குள் வைத்துவிட வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. 'பீப்' வருமே என்று மஞ்சள் விளக்கில் புகுந்து போவது. ஒரு ஹார்டு பிரேக்கால் குறையும் மதிப்பெண் அற்பம். அழுத்த வேண்டிய இடத்தில் முழுக்க அழுத்துங்கள்.

தள்ளுபடி கிடைக்கும் என்று மட்டுமே நினைத்துச் சேர்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்னாப்ஷாட்டில் மோசமாக ஓட்டினால் பிரீமியம் ஏறவும் செய்யும். ஏறத்தாழ பத்தில் இருவருக்கு அப்படி ஆகிறது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

சேராமலே கணக்கு எழுதப்பட்ட கதையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த 'ஸ்மார்ட் டிரைவர்' வசதி சேகரித்த பிரேக், வேக விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய தகவல் நிறுவனங்களுக்கும், அவற்றின் வழியாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் போய்க்கொண்டிருந்ததை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. பிரீமியம் ஏன் ஏறியது என்று தேடிப்போன சிலர், தாங்கள் ஓட்டிய ஒவ்வொரு பயணமும் வேறொருவரின் கோப்பில் இருப்பதைக் கண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பகிர்வை நிறுத்தியது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையில், இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஓட்டுநர் விவரம் கொடுக்கக்கூடாது என்ற தடையும் அடக்கம்.

இந்தியாவிலும் இந்த முறைக்குக் கதவு திறந்துவிட்டது. எவ்வளவு ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதை வைத்துப் பிரீமியம் போடும் கூடுதல் திட்டங்களை விற்க, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. ஆனால் சலுகை முழுவதும் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் அரசு நிர்ணயித்தது. 2022இல் வந்த பட்டியல்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். ஓட்டும் மதிப்பெண் நூற்றுக்கு நூறே ஆனாலும் இது குறையாது. சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதத் தள்ளுபடி என்ற விளம்பரம் உங்கள் கையில் 1,600 ரூபாய். மொத்தத் தொகையான 11,416இல் அது 14 சதவீதம்.

ஆப்பை இறக்குவதற்கு முன் ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மதிப்பெண் குறைந்தால் பிரீமியம் ஏறுமா? விபத்து கிளெய்ம் வரும்போது இந்தப் பதிவை எனக்கு எதிராக எடுப்பீர்களா? பாலிசியை நிறுத்திய பிறகு என் பயண விவரங்களை அழித்துவிடுவீர்களா? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.