ஐந்து கட்டங்களும் ஒரு சனிக்கிழமையும்

2025ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், சனிக்கிழமை காலை. விடுதி அறையில் நான் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்குக் கைத்தொலைபேசி அலறியது. அழைத்தவர் நம் கழகத்தின் செயலாளர் அக்கா. "தம்பி, தோட்டத்துப் பள்ளி வாசல்ல பிள்ளைங்க வந்து நிக்கிறாங்களாம். காவலாளி போன் பண்ணாரு. இன்னிக்கு வகுப்புன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

சொன்னது நான்தான். சரியாகச் சொன்னால், நான் கணினியில் எழுதி வைத்த ஒரே ஒரு வரி.

நம் கழகம் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறது. அன்று காலை ஆறு மணிக்குப் பெற்றோருக்கு "இன்று வகுப்பு உண்டு, எட்டு மணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்" என்று குறுஞ்செய்தி போகும். அதுவரை அக்காவே அதிகாலையில் எழுந்து ஒவ்வோர் எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தார். கணினித் துறை மாணவன் என்ற பெருமையில், "இதைக் கணினியே செய்யட்டும்" என்று நான் முன்வந்தேன். ஜூலை 7ஆம் நாள் மாலையில் லினக்ஸ் வழங்கியில் இந்த வரியைப் பதிவு செய்தேன்:

```
0 6 1-7 * 6 /home/kelab/hantar.sh
```

முதல் சனிக்கிழமை எப்போதும் 1ஆம் தேதிக்கும் 7ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும். ஆகவே "1 முதல் 7 வரை, அதுவும் சனிக்கிழமையாக இருந்தால்" என்று எழுதிவிட்டதாக நினைத்தேன். ஆனால், அந்த வரியின் பொருள் அதுவன்று. எங்கே தவறினேன் என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

குரோன் எப்படி வேலை செய்கிறது?

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் மென்பொருளுக்குக் 'குரோன்' என்று பெயர். அதற்கு நாம் தரும் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து கட்டங்கள் இருக்கும். அதன் பிறகு இயக்க வேண்டிய கட்டளை. கட்டங்களின் வரிசை இது: நிமிடம் (0 முதல் 59), மணி (0 முதல் 23), தேதி (1 முதல் 31), மாதம் (1 முதல் 12), கிழமை (0 முதல் 7, 0, 7 இரண்டுமே ஞாயிறு).

தொடக்கத்தில் நான் இதை ஓர் அலாரக் கடிகாரம் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதே குழப்பத்தின் வேர். குரோன் நிமிடத்திற்கு ஒருமுறை விழித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறது. இப்போதைய நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகியவற்றை ஒவ்வொரு வரியோடும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் கட்டளையை இயக்குகிறது. பொருந்தாவிட்டால் மீண்டும் உறங்கிவிடுகிறது. கடைசியாக எப்போது இயக்கினோம் என்ற கணக்கு எதையும் அது இங்கே பார்ப்பதில்லை. ஆகவே இந்த ஐந்து கட்டங்களும் அலாரம் அல்ல, சல்லடை. ஓடிவரும் ஒவ்வொரு நிமிடத்தையும் சலித்து, எது தங்கும் எது விழும் என்று தீர்மானிக்கும் சல்லடை.

இப்படிப் பார்த்தால் புதியவர்கள் செய்யும் பல தவறுகள் தாமாகவே விளங்கும்.

நட்சத்திரம் என்றால் 'கவலை இல்லை' அன்று

காலை ஆறு மணிக்கு ஒரு செய்தி அனுப்ப, என் முதல் சோதனையில் நான் எழுதியது `* 6 * * *`. நிமிடத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதனால் அங்கே நட்சத்திரம் போட்டேன். ஆனால் நட்சத்திரத்தின் பொருள் 'எல்லாம்' என்பது. 6:00 பொருந்தும், 6:01 பொருந்தும், 6:59 வரை ஒவ்வொரு நிமிடமும் பொருந்தும். என் கைத்தொலைபேசிக்கு அன்று 60 செய்திகள் வந்தன. நல்ல வேளை, சோதனைக்கு என் எண்ணை மட்டுமே கொடுத்திருந்தேன்! ஒரு முறை மட்டும் நடக்க வேண்டுமானால் நிமிடக் கட்டத்தில் ஓர் எண் இருந்தே ஆகவேண்டும்: `0 6 * * *`.

வரிசையும் ஏமாற்றும். நாம் நேரத்தைச் சொல்லும்போது மணியை முதலில் சொல்கிறோம். குரோனோ நிமிடத்தை முதலில் கேட்கிறது. 6:20க்கு என்று நினைத்து `6 20 * * *` என்று எழுதினால், அது இரவு 8:06க்கு இயங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் அதுவும் முறையான நேரம்தான்.

`*/40` என்பதையும் பலர் '40 நிமிடத்திற்கு ஒருமுறை' என்று படிக்கிறார்கள். சல்லடையாகப் பாருங்கள். 0 முதல் 59 வரையுள்ள எண்களில் 0இலிருந்து நாற்பது நாற்பதாகத் தாவினால் கிடைப்பவை 0, 40 ஆகிய இரண்டு மட்டுமே. ஆகவே 6:00, 6:40, 7:00, 7:40 என்றே ஓடும். இடைவெளி ஒருமுறை 40 நிமிடம், மறுமுறை 20 நிமிடம். 60ஐ மீதமின்றி வகுக்கும் 5, 10, 15, 20 போன்ற எண்களுக்கு மட்டுமே இடைவெளி சீராக அமையும்.

இஸ்னின் இரண்டா, ஒன்றா?

கிழமைக் கட்டத்தில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்ப்பள்ளியில் 'ஞாயிறு, திங்கள், செவ்வாய்' என்று தொடங்கிப் படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் ஆகிய பெயர்கள் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள் என்று பொருள்படும் அரபுச் சொற்களிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்கில் ஞாயிறு ஒன்று. ஆனால் குரோனில் ஞாயிறு 0. எனவே இஸ்னின் 1, காமிஸ் 4. பொருளை நம்பி எண்ணினால் ஒரு நாள் தள்ளிப்போகும். ஞாயிற்றைப் பூச்சியமாக வைத்துத் தமிழ்ப்பள்ளி வரிசையில் விரல் விட்டு எண்ணினால் சனி சரியாக 6இல் வந்து நிற்கும். என் வரியில் கிழமை எண் சரிதான். தவறு வேறிடத்தில் இருந்தது.

'மேலும்' எங்கே 'அல்லது' ஆகிறது?

பொதுவாக ஒரு நிமிடம் ஐந்து கட்டங்களிலும் பொருந்த வேண்டும். நிமிடமும் பொருந்த வேண்டும், மணியும் பொருந்த வேண்டும், மாதமும் பொருந்த வேண்டும். ஆனால், தேதிக் கட்டத்திற்கும் கிழமைக் கட்டத்திற்கும் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. இவ்விரண்டிலும் நட்சத்திரம் இல்லாமல் எண்களைக் கொடுத்துவிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். `man 5 crontab` என்ற கட்டளை காட்டும் கையேட்டில் இது தெளிவாகவே உள்ளது. நான்தான் அதுவரை படித்திருக்கவில்லை.

இந்த விதி வேண்டாத வேலையன்று. 'ஒவ்வொரு மாதமும் 1ஆம், 15ஆம் தேதிகளிலும், அதோடு எல்லா வெள்ளிக்கிழமைகளிலும்' என்று ஒரே வரியில் சொல்ல இது உதவுகிறது. ஆனால் என் தேவை இதற்கு நேர் எதிரானது.

ஜூலை மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைகள் 5, 12, 19, 26. என் வரி மாதத் தொடக்கத்திலேயே இருந்திருந்தால், தேதிக் கட்டத்தால் 1 முதல் 7 வரை ஏழு நாளும், கிழமைக் கட்டத்தால் 12, 19, 26 ஆகிய மூன்று நாளும் செய்தி போயிருக்கும். ஆக மொத்தம் 10 காலைகள். நமக்குத் தேவைப்பட்டதோ 5ஆம் தேதி ஒன்றே. நான் 7ஆம் தேதி மாலையில் பதிவு செய்ததால் முதல் வாரத்துச் செய்திகள் தப்பின. அந்த வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை எதுவும் நடக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானும் நம்பினேன். முதல் தவறு 12ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெளிப்பட்டது.

திருத்தம்

ஐந்து கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு 'முதல் சனிக்கிழமை' என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஆகவே வேலையைப் பிரித்தேன். கிழமையைக் குரோன் பார்க்கட்டும், தேதியைக் கட்டளை பார்க்கட்டும்:

```
0 6 * * 6 [ "$(date +\%d)" -le 7 ] && /home/kelab/hantar.sh
```

தேதிக் கட்டத்தில் இப்போது நட்சத்திரம் இருப்பதால் 'அல்லது' விதிக்கு இடமில்லை. எல்லாச் சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்குக் குரோன் விழிக்கும். அன்றைய தேதி 7 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மட்டுமே செய்தி போகும். `%` குறிக்கு முன்னால் உள்ள சாய்கோட்டைக் கவனியுங்கள். குரோன் வரியில் தனியான `%` குறி 'வரி இங்கே முடிந்தது' என்று பொருள்படும். கட்டளை பாதியில் அறுந்துவிடும். முனையத்தில் தட்டிப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும் கட்டளை, குரோனில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொண்டேன். குரோன் வழக்கமாக வழங்கியின் கடிகாரத்தையே நம்புகிறது. நம் வழங்கி மலேசிய நேரத்தில் இருந்தது. வெளிநாட்டில் வாடகைக்கு எடுக்கும் வழங்கிகள் பலவும் யுடிசி நேரத்தில் இருக்கும். நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே காலை 6 என்றால் நமக்குப் பிற்பகல் 2. நம் சனிக்கிழமை காலை ஆறு மணி, அங்கே வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அப்போது கிழமை எண்ணும் மாறவேண்டும், தேதிக் கணக்கும் மாறவேண்டும். `date` என்று தட்டினாலே வழங்கி எந்த நேரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் புதிய வரி ஒன்றை எழுதினால், மளிகைக் கடையில் கொடுக்கும் நாள்காட்டியை எடுத்து, அது இயங்கப்போகும் நாள்களை ஒரு முழு மாதத்திற்கு வட்டமிடுகிறேன். 'எப்போது இயங்க வேண்டும்' என்று மட்டும் பார்க்காமல், 'எப்போது இயங்கவே கூடாது' என்றும் பார்க்கிறேன். அந்த இரண்டாவது கேள்வியை நான் ஜூலை 7ஆம் தேதி கேட்டிருந்தால் 12ஆம் தேதியிலும் ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

அன்று ஒரு பாட்டி, லயத்திலிருந்து பேரனை நடத்தியே அழைத்து வந்து, பூட்டிய வாசலில் பத்து மணி வரை காத்திருந்தாராம். ஆகஸ்டு 2ஆம் நாள், முதல் சனிக்கிழமை, திருத்திய வரி சரியாக ஆறு மணிக்குச் செய்தியை அனுப்பியது. ஆனால் பிள்ளைகளில் பாதிப் பேர்தான் வந்தார்கள். "செய்திய நம்பலாமான்னு தெரியல தம்பி" என்றார் ஒரு தாய். அடுத்த வகுப்புக்கு முதல்நாள் மாலை, அக்காவும் நானும் பெற்றோர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம். அந்தப் பாட்டியை மட்டும் நானே அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லய்யா, நாளைக்கு நெசமாவே வகுப்பு இருக்குதானே?" என்றார். இருக்கிறது பாட்டி என்றேன்.